புதுமனை புகுவிழாவில் இரண்டு நிமிட வரவேற்புப் பேச்சு: ஐயர், பெரியவர்கள், அக்கம்பக்கத்தார்

கேள்வி: "வர்ற தை மாசம் மதுரைப் பக்கத்துல புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். முகூர்த்தம் காலையில 4.30-ல இருந்து 6 வரைக்கும். ஹோமம் முடிஞ்சதும் நான் ரெண்டு வார்த்தை பேசணும்னு மாமனார் சொல்றார். ஐயருக்கு, பெரியவங்களுக்கு, அக்கம்பக்கத்துக்கு நன்றி சொல்லணும். அப்பா இல்லை. தாய்மாமாதான் கூட நின்னு வீட்டை முடிச்சுக் கொடுத்தார். பேசிப் பழக்கமில்லை. யாரை முதல்ல சொல்றது, எவ்வளவு நேரம் பேசுறது? மாதிரி ஒண்ணு எழுதித் தர முடியுமா?"

மாதிரி கீழே இருக்கிறது. ஆனால் வாசகத்துக்கு முன்னால் எந்த நேரத்தில் பேசுவது என்று முடிவு பண்ணுங்கள். விசேஷ வீடுகளில் வீட்டுக்காரர் சார்பாக வரவேற்புச் சொல்லும் வேலை பல வருஷமாக என்னிடம் வருகிறது. அதில் நான் பார்த்த வரைக்கும், பேச்சு சரியாக அமையாமல் போவதற்குக் காரணம் சொற்கள் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் இருப்பதில்லை என்பதுதான் காரணம். பெரியவர்கள் பசுவும் கன்றும் உள்ளே வரும்போதே வந்துவிடுவார்கள். ஐயர் பூர்ணாகுதி முடிந்து அரை மணிக்குள் கிளம்பிவிடுவார், தை மாத முகூர்த்த நாளில் அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும். அக்கம்பக்கத்தார் குளித்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழரை எட்டு மணிக்கு மேல்தான் டிபனுக்கு வருவார்கள். எட்டரைக்குப் பேசினால் ஐயருக்குச் சொல்லும் நன்றியைக் கேட்க ஐயர் இருக்க மாட்டார். ஆறரைக்குப் பேசினால் தெருக்காரர்களைப் பற்றிச் சொல்வதை உங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு வழி, பத்திரிகை வைக்கும்போதே இருக்கிறது. இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போகும்போது "டிபனுக்கு வந்துடுங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஆறே கால் ஆறரைக்குத் தீபாராதனை காட்டுவாங்க, அப்ப நீங்க இருக்கணும்" என்று மணியைச் சொல்லி அழையுங்கள். மணி சொல்லி அழைத்தால் பெரும்பாலும் வருவார்கள், சும்மா "வாங்க" என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்கள். முக்கியமான மூன்று நான்கு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒருவர் தீபாராதனைக்கு நின்றால் போதும். பிறகு வருகிறவர்களுக்குப் பந்தியில் இலைக்கு முன்னால் நின்று ஒரு வரி சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மறுபடி ஒரு பேச்சு வேண்டாம்.

அதே போல ஐயரிடமும் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "சாமி, எல்லாம் முடிஞ்சு நீங்க ஆசீர்வாதம் பண்ணினதும் ரெண்டு நிமிஷம் பேசிக்கிறேன்." வீட்டுக்கு வீடு, சாஸ்திரிகளுக்குச் சாஸ்திரிகள் வரிசை கொஞ்சம் மாறும். பொதுவாகக் கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம் முடிந்து, பூர்ணாகுதி கொடுத்து, தீபாராதனை காட்டி, கலசத் தீர்த்தத்தை வீடு முழுக்கத் தெளித்து, தம்பதியை உட்கார வைத்து அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். அந்த ஆசீர்வாதத்துக்கும் முதல் பந்திக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். ரட்சையும் குங்குமமும் வாங்க எல்லாரும் ஹோம குண்டத்தைச் சுற்றி நெருங்கி நிற்கிற நேரம் அது. நீங்கள் பேச வேண்டிய நேரம் அதுதான். ஐந்து நிமிஷம் தள்ளினாலும் பாதிப் பேர் செருப்பைத் தேடிப் பந்தல் பக்கம் போய்விடுவார்கள்.

பேசுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஐயருக்கு உரிய தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், வேட்டி துண்டு, அதன் கீழே தட்சிணை. இதைத் தம்பதியாகக் கொடுத்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். தட்சிணை கைக்கு வராமல் அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நிற்க, நீங்கள் அவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தால் அது அவருக்குச் சங்கடம். கூட உதவிக்கு ஒரு பையன் வந்திருப்பார். விறகு அடுக்கி, நெய் ஊற்றி, கலசத்துக்கு நூல் சுற்றியது பெரும்பாலும் அவர்தான். அவருக்கும் ஒரு தட்டு தனியாக இருக்கட்டும்.

இனி ஒவ்வொரு தரப்புக்கும் என்ன சொல்வது என்பதைப் பார்க்கலாம்.

ஐயரை முதலில் சொல்லுங்கள். அவர் கிளம்ப வேண்டியவர் என்பது ஒரு காரணம், அன்றைய காரியத்தை நடத்தியவர் என்பது இன்னொன்று. எப்படிக் கூப்பிடுவது என்பது உங்கள் வீட்டு வழக்கம். மதுரைப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறோம், சபையில் பேசும்போதும் அதுவே போதும். கோயிலில் இருந்து வந்த குருக்கள் என்றால் "குருக்கள் ஐயா". தேவாரம் திருவாசகம் ஓதித் தமிழில் நடத்தியவர் என்றால் "ஓதுவார் ஐயா". பிராமண வீடுகளில் "சாஸ்திரிகள்" அல்லது "வாத்தியார்" என்பார்கள். வழக்கமாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மேடைக்காக "வேத விற்பன்னர்" என்று புதிதாக ஒன்றைச் சொன்னால் அவரே நிமிர்ந்து பார்ப்பார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது மந்திரம் எப்படி இருந்தது, குரல் எப்படி இருந்தது என்று மெச்ச வேண்டாம். அது கச்சேரிக்குச் சொல்வது. அவர் உங்கள் வீட்டுக்காக என்ன செய்தார் என்று பாருங்கள். நாள் குறித்துக் கொடுத்திருப்பார். சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்து, எதை எந்தக் கடையில் வாங்குவது என்று சொல்லியிருப்பார். மார்கழிக் குளிர் விடாத தை விடியலில் மூன்றரை மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார். சங்கல்பத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சொல்லியிருப்பார். இவற்றில் ஒன்றிரண்டைச் சொன்னால் போதும். சங்கல்பத்தைச் சொல்வது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் தன் பெயர் சொல்லப்பட்டதை வீட்டில் எல்லாரும் காதால் கேட்டிருப்பார்கள்.

ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். "சாமி இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சபையில் வற்புறுத்தாதீர்கள். வெளியில் சாப்பிடாதவர் உண்டு, அடுத்த ஹோமம் முடியும் வரை எதுவும் சாப்பிடாதவர் உண்டு. எல்லார் முன்னாலும் கேட்டால் மறுப்பது அவருக்குக் கஷ்டம். பழமும் காய்ச்சிய பாலும் தனியாக வைத்துக்கொண்டு, வாசலில் வழியனுப்பும்போது கேளுங்கள்.

பெரியவர்கள் பகுதிதான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம். பெயர்ப் பட்டியல் போடாதீர்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. ஒரு வீட்டில் புது வீட்டுக்காரர் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று ஏழு பேரைப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். எட்டாவதாக ஒருவர் விட்டுப்போனது. கடைக்கால் எடுக்கும்போது மனையில் நின்று அளவு பார்த்த பெரியப்பா அவர். இலையில் உட்காராமல் தாம்பூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வருத்தம் அடுத்த கல்யாணம் வரைக்கும் இருந்தது. ஏழு பேரைச் சொல்லியிருக்காவிட்டால் எட்டாவது ஆளுக்கு வருத்தம் வந்திருக்காது. பட்டியல் நீள நீளத்தான் விட்டுப்போனவர் பெரிதாகத் தெரிவார்.

ஆகவே ஒருவரைத் தனியாகச் சொல்லுங்கள், மற்ற எல்லாரையும் உறவாகச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்றால், அவரைச் சொல்வது நியாயம்தான் என்று மற்ற அத்தனை பேரும் தலையாட்டக்கூடியவர். உங்களுக்கு அது தாய்மாமா, அதில் சந்தேகமே இல்லை. அவரைப் பற்றியும் "எங்களுக்குத் தூண் மாதிரி" என்றெல்லாம் சொல்ல வேண்டாம். அவர் நின்ற ஒரு நாளைச் சொல்லுங்கள். தளம் போட்ட அன்று விடியற்காலையில் கலவை மிஷின் வந்ததில் இருந்து, கடைசிச் சட்டி கான்கிரீட் கொட்டி மட்டம் பார்க்கும் வரை அவர் மேலே நின்றிருப்பார். வீடு கட்டிய ஒவ்வொருவருக்கும் அந்த நாளின் பாரம் தெரியும். கேட்கிறவர்களுக்கு அது போதும்.

பெண் வீட்டுப் பெரியவர்களையும் அதே வாக்கியத்தில், அதே அளவில் சொல்லிவிடுங்கள். மாமனார்தான் பேசச் சொன்னார் என்கிறீர்கள். "என் பக்கத்துப் பெரியவங்க" என்று இரண்டு வரி சொல்லிவிட்டு, "என் மனைவி வீட்டாருக்கும் நன்றி" என்று ஒட்டுப் போட்டால் அது அவர்கள் காதில் படும். "எங்க ரெண்டு வீட்டுப் பெரியவங்க" என்று சேர்த்தே சொல்வது நல்லது.

பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. யார் கைமாற்றுக் கொடுத்தார், யார் சீட்டு எடுத்துக் கொடுத்தார், எந்த நகை அடகில் இருக்கிறது என்பதெல்லாம் சபைக்கு வேண்டாம். கொடுத்தவருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துச் சொல்வார்கள். ஆனால் கொடுத்தவர் தன் வீட்டிலேயே சொல்லாமல் கொடுத்திருக்கலாம். அந்த நன்றியை ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு நன்றி சொல்வதை விட ஆசீர்வாதம் கேட்பது நம் வழக்கத்துக்கு ஒத்துவரும். பெற்ற தாய்க்கும் தாய்மாமனுக்கும் சபையில் நின்று "மிக்க நன்றி" என்றால் அவர்களை வெளியாளாக்கிய மாதிரி ஆகிவிடும். செய்ததைச் சொல்லுங்கள், ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுங்கள், பேசி முடித்ததும் தம்பதியாகக் காலில் விழுந்து எழுந்திருங்கள். மூத்தவர் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் முதலில் அவர் காலில்.

அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. அதைப் பெரியவர்கள் பகுதியின் தொடக்கத்தில் வைத்துவிடுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள். கடைசியில் வைத்தால் உங்கள் குரல் உடையும், அம்மா அழுவார், சுபகாரியத்தில் அழலாமா என்று யாராவது அதட்டுவார்கள், அதோடு எல்லாரும் இலைக்குப் போக வேண்டியிருக்கும். முதலில் சொல்லிவிட்டுத் தாய்மாமாவுக்கு வந்தால் அந்தப் பேச்சு தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பாரோ அதைச் சொல்லுங்கள். "அவர் ஆன்மா மேலிருந்து பார்க்கும்" என்பதை விட அது அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தும்.

அக்கம்பக்கத்தாருக்கு நன்றி என்றால் பலரும் "ஒத்துழைப்புக் கொடுத்த அனைவருக்கும்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போர் போட்ட இரவு கம்ப்ரசர் சத்தத்தில் தெருவே தூங்கியிருக்காது. எம்-சாண்டும் ஜல்லியும் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கும், எதிர்வீட்டு ஸ்கூட்டர் அதில் சறுக்கியிருக்கும். டைல்ஸ் வெட்டிய நாளில் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாகியிருக்கும். சிமென்ட் மூட்டை நனையாமல் இருக்கத் தங்கள் போர்ட்டிகோவில் இடம் கொடுத்திருப்பார்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிய நாட்களில் மோட்டார் கெட்டுப்போய் பக்கத்து வீட்டு ஓஸில் தண்ணீர் வாங்கியிருப்பீர்கள். புதுத் தளம் தண்ணீர் காயாமல் இருக்க வேண்டிய முதல் ஏழெட்டு நாளில் அந்த ஓஸ் கிடைக்காமல் போயிருந்தால் வெடிப்பு விழுந்திருக்கும். இதில் உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் "இதையெல்லாம் போய்..." என்று கூச்சப்படுவார். சரியான ஆளுக்குச் சரியானதைச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதற்கு அந்தக் கூச்சமே அடையாளம்.

தெருவில் இருப்பவர்களை நீங்கள் தினமும் கூப்பிடுகிறபடியே கூப்பிடுங்கள். "பக்கத்து வீட்டு பாய்", "எதிர்வீட்டு டீச்சரம்மா", "மாடி வீட்டு அண்ணாச்சி". இங்கே பெயர் சொல்லாமல் வீட்டைச் சொல்வதில் ஒரு வசதியும் உண்டு, அந்த வீட்டில் எல்லாருக்கும் அது சேர்ந்துவிடும்.

மனஸ்தாபம் ஏதாவது இருந்தால் அதைச் சபைக்குக் கொண்டுவராதீர்கள். காம்பவுண்டுச் சுவர் அரை அடி உள்ளே வந்ததா, சன்ஷேடு தண்ணீர் அவர்கள் பக்கம் விழுகிறதா என்ற பேச்சு நடந்திருந்தால், "சின்னச் சின்ன மனவருத்தம் இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொல்வதுகூட ஆபத்து. தெரியாதவர்களெல்லாம் என்ன, ஏது என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பத்திரிகையும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு போகும்போது அவர்கள் வாசலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு தரப்பையும் சேர்க்கச் சொல்வேன்: கொத்தனார், மேஸ்திரி, ஆசாரி, எலக்ட்ரீஷியன், பெயிண்டர். முதல் நாள் இரவு தச்சுக் கழிக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் அவர்களுக்கு வேட்டி துண்டு மரியாதை அப்போதே நடந்துவிடும். உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் காலையில் தட்டில் வைத்துக் கொடுங்கள். எப்படியானாலும் பேச்சில் ஒரு வரி வேண்டும். அவர்கள் கூடத்துக்குள் வராமல் பந்தல் கால் பக்கம் நிற்பார்கள், அந்த வரியைச் சொல்லும்போது அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.

இப்போது மாதிரி. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எழுத்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் சபையில் அது பள்ளிக்கூடத்து உறுதிமொழி மாதிரி வந்துவிடும். தண்ணீர், தளம், ஓஸ் எல்லாம் நானாக வைத்தவை. உங்களுக்கு நடந்ததை அந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பனியில, விடியாத நேரத்துல கிளம்பி வந்திருக்கீங்க. வாங்க, எல்லாரும் வாங்க.

சாமி, நாள் குறிச்சுக் கொடுத்ததுல இருந்து, இன்னைக்கு மூணரை மணிக்கு வந்து உக்காந்தது வரைக்கும் எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கிட்டீங்க. சங்கல்பத்துல எங்க வீட்டுல ஒருத்தர் பேரு விடாம நட்சத்திரத்தோட கேட்டுச் சொன்னீங்க. உங்களுக்கும், கூட வந்த தம்பிக்கும் எங்க நமஸ்காரம்.

அப்பா இருந்திருந்தா இன்னைக்கு வாசல்ல நின்னு உங்க ஒவ்வொருத்தரையும் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்திருப்பாரு. அவர் இடத்துல எங்க தாய்மாமா நின்னாரு. நான் வேலைக்குப் போயிட்டு ராத்திரி வந்து பாக்குறதுக்குள்ள இங்க ஒரு வரி செங்கல் ஏறியிருக்கும். தளம் போட்ட அன்னைக்குக் காலையில ஏறுனவரு, கடைசிச் சட்டி கொட்டுற வரைக்கும் கீழ இறங்கல. மாமா, இது நீங்க நின்னு கட்டுன வீடு. எங்க ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் எங்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வாதம் பண்ணணும்.

நம்ம தெருக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா எங்களால உங்களுக்குத் தூசி, சத்தம், தெருவை அடைச்சு மணலு. ஒருத்தரும் முகம் சுளிக்கல. தளம் போட்ட வாரத்துல எங்க மோட்டார் காயில் போயிருச்சு. பக்கத்து வீட்டு பாய் கேக்குறதுக்கு முன்னாடியே சுவருக்கு மேல ஓஸை நீட்டிட்டாரு. தளத்துல நின்ன தண்ணி அவங்க வீட்டுத் தண்ணி. உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனி நாங்களும் இந்தத் தெருதான். எந்த நேரம்னாலும் கதவைத் தட்டுங்க.

மேஸ்திரியும், கொத்தனாரும், ஆசாரியும் மத்த எல்லாரும் வந்திருக்காங்க. அவங்க கை படாத இடம் இந்த வீட்டுல இல்ல. அவங்களுக்கும் நன்றி.

மாடியில இலை போட்டாச்சு. படி ஏற முடியாத பெரியவங்களுக்குக் கீழ பந்தல்லயே போட்டிருக்கு. எல்லாரும் சாப்பிட்டு, வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, தாம்பூலம் வாங்கிட்டுத்தான் கிளம்பணும்."

நிதானமாகச் சொன்னால் இது இரண்டு நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் நீட்டாதீர்கள். பந்தலில் இட்லியும் பொங்கலும் ஆறிக்கொண்டிருக்கும், விடியற்காலையில் இருந்து நிற்கிற சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் கண்டிப்பாக இருப்பார்கள்.

மாதிரியில் கடைசிப் பத்தியைக் கவனித்துப் பாருங்கள். அதில் நன்றி எதுவும் இல்லை, எங்கே போக வேண்டும் என்பதுதான் இருக்கிறது. பேச்சு முடிந்ததும் ஜனம் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றால் பேசியவருக்கும் சங்கடம். மாடியா, பந்தலா, முதல் பந்திக்கு யார் என்பதைக் கேட்டரிங்காரரிடம் உறுதி செய்துகொண்டு அந்த வரியைச் சொல்லுங்கள். இலை போடாமல் "இலை போட்டாச்சு" என்று சொல்லிவிட்டால், படி ஏறிப் போன பெரியவர்கள் மாடியில் காலி மேசை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

கையில் பேப்பர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கோலத்தை யோசித்துக்கொள்ளுங்கள். வேட்டி, மேலே துண்டு, கழுத்தில் மாலை. சட்டை இருக்காது, பையும் இருக்காது. கையெல்லாம் நெய்யும் குங்குமமும். போனில் எழுதி வைத்திருந்தால் திரையைத் தொட்டாலும் நகராது. நாலாக மடித்த ஒரு சீட்டை உங்கள் மனைவியிடமோ தங்கையிடமோ கொடுத்துவையுங்கள். அதில் முழுப் பேச்சும் வேண்டாம், "சாமி – அப்பா – மாமா – ரெண்டு வீடு – தெரு – பாய் – மேஸ்திரி – இலை" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போதும். புகையில் கண் எரியும்போது சின்ன எழுத்து தெரியாது. விடியற்காலையில் இருந்து எதுவும் சாப்பிடாமல் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் தொண்டையும் கட்டியிருக்கும். எழுந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மைக் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கூடத்தில் அறுபது எழுபது பேர் நிற்கும்போது கொஞ்சம் குரலை உயர்த்தினால் கேட்கும். பந்தல்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பேசினால் கூடத்தில் எதிரொலி வரும், உங்கள் குரல் உங்களுக்கே ஒரு நொடி தள்ளிக் கேட்டுக் குழப்பும். தவிர, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. உங்கள் முகூர்த்தம் 4.30-க்குத் தொடங்குவதால் பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்கள் வழக்கப்படி விடியற்காலையிலேயே பக்திப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். தூக்கம் கெட்டு வந்து நிற்கிற தெருக்காரரிடம் பொறுமைக்கு நன்றி சொல்வது பொருத்தமாக இருக்காது.

நிற்கிற இடம்: சாமி படத்துக்கும் ஹோம குண்டத்துக்கும் முதுகு காட்டாமல், பக்கவாட்டில் தம்பதியாக நில்லுங்கள். பெரியவர்கள் உள்ளே நாற்காலியில் இருப்பார்கள், தெருக்காரர்கள் நிலைப்படிப் பக்கம் நிற்பார்கள். கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் நீங்கள் இருந்தால் முதல் பாதியை உள்பக்கம் பார்த்தும், தெருவைப் பற்றிச் சொல்லும்போது வாசலைப் பார்த்தும் பேசலாம். உங்கள் மனைவிக்கு விருப்பம் இருந்தால் தெருக்காரர்கள் பகுதியை அவரே பேசட்டும். வேலை நடந்த நாளில் பக்கத்து வீட்டில் காபி வாங்கிக் குடித்ததும், சாவியைக் கொடுத்து வைத்ததும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களாகத்தான் இருக்கும். இரண்டு பேர் பேசினால் கேட்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும்.

அபார்ட்மெண்டில் பால் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே வரிசைதான். தெருவுக்குப் பதில் மேல் வீடு, கீழ் வீடு, அசோசியேஷன் செயலாளர், வாட்ச்மேன். ஹோமப் புகைக்கு அலாரம் அடிக்காமல் பார்த்துக்கொண்டவரும், லிஃப்டில் பாத்திரங்களை ஏற்றிக் கொடுத்தவரும் அங்கே உங்கள் நன்றிக்கு உரியவர்கள்.

கடைசியாக ஒரு வேலை. பேச்சைத் தயார் பண்ணியதும் முதல் நாள் ராத்திரி அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள். சொற்கள் நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், யாராவது விட்டுப்போச்சா, யாருக்காவது சுருக்கென்று படுமா என்று மட்டும் கேளுங்கள். அம்மாவுக்கு உங்கள் பக்கத்து உறவின் வரலாறு தெரியும், மனைவிக்கு அவர் பக்கத்தது தெரியும். அவர்கள் இரண்டு பேரும் சரி என்றால் அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள், காலையில் யார் வந்து "அவரையும் சேர்த்துக்கோ" என்று காதில் சொன்னாலும் சரி. அப்படிச் சொல்லப்படுகிறவருக்குப் பந்தியில் நீங்களே போய் ஒரு கரண்டி கேசரி வையுங்கள்.